மாதிரிக்குப் பத்து போல்ட்

நடந்தவை, வரிசைப்படி:

1. நான் ஒரு தேர்வு எழுதச் சென்னைக்குப் போயிருந்தபோது எங்கள் ஸ்டோரில் வருடாந்திர சரக்குச் சோதனை நடந்தது.
2. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் பையை, நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவர் தராசில் வைத்தார். பையில் கட்டிய அட்டையில் 2200 என்று இருந்தது. தராசு 1997 என்றது.
3. சோதிக்க வந்த அதிகாரி பையை இறக்கி மறுபடியும் வைக்கச் சொன்னார். மறுபடியும் 1997.
4. அன்று மாலை, பையைத் தூக்கி வைத்தவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சீட்டுப் போடாமல் போல்ட்டுகளை வேலைக்குக் கொடுத்துவிட்டதாக.
5. நான் ஊர் திரும்பினேன்.
6. ஒரு போல்ட்கூடக் குறையவில்லை என்று காட்டினேன்.
7. எங்களுக்குக் கல்யாணம் நடக்கவில்லை.

ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. அந்த வரியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நெய்வேலியில் சுரங்கத்துக்கு கன்வேயர் பெல்ட் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்கள் நிறைய. அப்படி ஒருவருடைய ஸ்டோரில் எனக்கு வேலை. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, பெர்மனென்ட் வேலைக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டே பார்த்த வேலை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே ரோலர்கள், பேரிங்குகள், ரப்பர் துண்டுகள், சுவரோரம் இரும்பு அலமாரிகளில் போல்ட், நட், வாஷர். எதன்மேல் விரலை வைத்தாலும் கரி ஒட்டும். காலையில் போட்ட சுடிதாரின் நிறம் மதியத்துக்குள் ஒரு படி இறங்கிவிடும்.

அவர் அங்கே ஸ்டோர் உதவியாளர். அவரும் ஒப்பந்தம்தான். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பைக்கில் வருவார். அவர் வீட்டில் அம்மா, பெரியம்மா எல்லோரும் வயல் கூலிக்குப் போனவர்கள், பிறகு முந்திரிக் கொட்டகைகளில் பருப்பு உடைத்தவர்கள். எங்கள் வீடு சுரங்க நிறுவனத்தின் நகரியத்துக்குள், பதினாறாவது வட்டத்தில் குவார்ட்டர்ஸ். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து பெர்மனென்ட் ஆனவர். இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை பைக்கில் கடந்துவிடலாம். மற்றபடி அது எவ்வளவு தூரம் என்று நாங்கள் இருவரும் அறிந்திருந்தோம், பேசிக்கொண்டதில்லை.

ஒன்று மட்டும் பேசி வைத்திருந்தோம். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அவரை ஸ்டோர் பொறுப்பாளராகப் போடுவதாக, எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த சார் சொல்லியிருந்தார். அது நடந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசுவார். அப்பாவிடம் நான் ஓரளவு சொல்லியிருந்தேன். அப்பா கோபப்படவில்லை. "பையன் எப்படிப்பட்டவன்னு நாலு பேரு சொல்லணும்மா" என்றார். அப்பாவின் நாலு பேர் எல்லோரும் சுரங்கத்திலும் ஸ்டோர்களிலும் இருப்பவர்கள்தான். அதனால் அந்த வேலையும் அந்தப் பெயரும் எங்களுக்கு வெறும் வேலையும் பெயரும் அல்ல.

தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டோரில் இருந்தது எண்ணிக்கை காட்டும் எலக்ட்ரானிக் தராசு. முப்பது கிலோ வரை தாங்கும். போல்ட் மாதிரி ஒரே அச்சில் வரும் பொருட்களை ஒவ்வொன்றாக எண்ண யாருக்கு நேரம் இருக்கிறது? பத்து போல்ட்டை எண்ணித் தட்டில் வைத்து, பத்து என்று பொத்தானை அழுத்த வேண்டும். தராசு அந்த எடையைப் பத்தால் வகுத்து ஒரு போல்ட்டின் எடையை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு காலிச் சாக்கின் எடையைக் கழித்துவிட்டு முழுப் பையையும் வைத்தால், மொத்த எடையை அந்த ஒன்றின் எடையால் வகுத்து எண்ணிக்கையைக் காட்டும். அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்குத் தராசு எண்ணுவது போல இருக்கும். அதற்கு எண்ணத் தெரியாது. எடை பார்க்கவும் வகுக்கவும்தான் தெரியும். தட்டில் பத்துதான் இருக்கிறது என்பதை அது நம் பேச்சை நம்பி எடுத்துக்கொள்கிறது.

பெரிய பைகளுக்கு நான் நூறு எண்ணி வைப்பேன். மாதிரி பெரிதாக இருந்தால் தவறு சிறிதாகும். மற்ற நாட்களில் எண்ணி வைப்பதும் பொத்தான் அழுத்துவதும் நான். பையைத் தூக்கி வைப்பதும் இறக்குவதும் அவர். "மேடம் பொத்தான் அமுக்குவாங்க, நாங்க மூட்ட தூக்குவோம். இதுக்குத்தான் படிக்கணும்ங்கறது" என்பார்.

நான் இல்லாத அன்று அவரே எண்ணி வைத்தார்.

திங்கட்கிழமை காலை நான் ஸ்டோருக்கு வந்தபோது அவர் ரோலர்களுக்குப் பின்னால் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். தேர்வு எப்படி என்று கேட்கவில்லை. அவரை அந்தத் தேர்வுக்காக என்னைவிட அதிகம் பரபரத்தவராகத்தான் எனக்குத் தெரியும். அதனால் என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. விஷயத்தை எனக்குச் சொன்னவர் சார்தான். ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருந்த, நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"எஸ்.எஸ். போல்ட்ல எரநூறு குறையுதும்மா. ரெண்டு தடவ வச்சிப் பாத்தாங்க. போன வருஷம் கேபிள் திருட்டுப் போனதுலேர்ந்து இவங்களுக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரியறான். திருட்டுன்னு எழுதினா செக்யூரிட்டி வருவான், எல்லார் பையையும் கொட்டுவான், கான்ட்ராக்ட் ஆளுங்க மொத்தத்தையும் மாத்துவான். சீட்டு போடாம வேலைக்குக் குடுத்துட்டேன்னு யாராவது எழுதிக் குடுத்தா இதோட முடிஞ்சிரும்னேன். இவன் உடனே பேனாவ வாங்கிட்டான்."

"அவர் அப்படிக் குடுத்தாரா சார்?"

"கேக்கல. நீயும் கேக்காத."

அன்று மாலை வேலை முடிந்ததும், பண்ருட்டி போகும் பேருந்துகள் நிற்கும் இடத்தில், நாங்கள் இருவரும் எப்போதும் நிற்கும் மரத்தடியில் அவரிடம் கேட்டேன். அவர் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்திருந்தார். பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"விடு."

"நீங்க சீட்டு இல்லாம ஒரு வாஷர் குடுத்து நான் பார்த்ததில்ல."

பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினார். பிறகு, "அக்கா" என்றார்.

அக்கா என்பது அவருடைய பெரியம்மாவின் மகள். எங்கள் ஸ்டோரில் கூட்டிப் பெருக்கி, சாமான் அடுக்கும் வேலை. அவரை இந்த வேலையில் சேர்க்கச் சொல்லி சாரிடம் நடையாய் நடந்தது அக்காதான். ஸ்டோரில் எல்லோருக்கும் அக்கா. எனக்கும்.

"போன மாசம் பஞ்சு ஒரு மூட்ட எடுத்துகினு போச்சி. மிஷின் தொடைக்கிற பஞ்சு. நான் பாத்தேன். பாத்தும் கேக்கல. இப்ப போல்ட்டு குறையுது. சோதன போட்டா அது பையதான் மொதல்ல கொட்டுவானுங்க. பெரியம்மா படுத்த படுக்கையா கெடக்கு. வேல போச்சின்னா என்ன பண்ணும்?"

"அக்கா எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?"

"தராசு சொல்லுதே."

ஒரு கஷ்டம் வந்தால் எனக்கு மனம் முதலில் எண்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டாயிரத்து இருநூறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழு. திருடுகிறவர் ஒரு கைப்பிடி எடுப்பார், ஒரு பை நிறைய எடுப்பார். இங்கே பதினோரு பங்கில் ஒரு பங்கு, கத்தியால் வெட்டியது போல, போயிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழைப் பதினொன்றால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் இரண்டாயிரத்து இருநூறுக்கு மூன்று குறைவு. தட்டில் பத்து என்று சொல்லிப் பதினொன்றை வைத்தால் இப்படித்தான் வரும்.

"அன்னைக்கு மாதிரிக்கு யார் எண்ணி வச்சது?"

"நான்தான். ஆபீசர் அவசரப்பட்டாரு. 'தம்பி, நூறெல்லாம் வேணாம், பத்து எண்ணிப் போடு'ன்னாரு."

"ரெண்டாவது தடவையும் எண்ணுனீங்களா?"

"இல்ல. மூட்டய மட்டும் எறக்கி ஏத்துனோம்."

அப்படியானால் ஒரு போல்ட்டின் எடையென்று தராசு முதலில் எதை நினைத்ததோ அதையே வைத்துக்கொண்டுதான் இரண்டாம் தடவையும் வகுத்திருக்கிறது. எத்தனை தடவை வைத்தாலும் 1997தான் காட்டியிருக்கும்.

"கடலையைப் பிரிங்க" என்றேன். "என் கைல பத்து எண்ணிப் போடுங்க."

"என்னா வெளையாட்டு இது?"

"போடுங்க."

பொட்டலத்தைப் பிரித்தார். என் உள்ளங்கையில் ஒரு கடலையைப் போட்டு "லாபம்" என்றார். அடுத்ததைப் போட்டு "ஒண்ணு" என்றார். ரெண்டு, மூணு. பத்து வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்போது அவரை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை எழுதினால் கணக்கு கலைந்துவிடும்.

கையை நீட்டியபடியே, "நீங்களே எண்ணிப் பாருங்க" என்றேன்.

எண்ணினார். ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி. பதினொன்றில் விரல் நின்றது. சிரிப்பு முகத்தில் இருந்து போக நேரம் எடுத்துக்கொண்டது.

முதல் அளவுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது எங்கள் பக்கம் எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். மற்ற இடங்களில் லாபத்துக்கு அடுத்தது ரெண்டு. அவர் வளர்ந்த முந்திரிக் கொட்டகையில் வேறு மாதிரி. அங்கே லாபம் கணக்கில் சேராது, அதற்குப் பிறகுதான் ஒன்று. லாரியில் ரோலர் ஏற்றும்போது அவர் லாரியின் பலகையைத் தட்டி "லாபம்" என்பதையும், பிறகு முதல் ரோலருக்கு "ஒண்ணு" என்பதையும் நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ரோலர் இருபது கிலோ. லாபத்துக்காக யாரும் ஒரு ரோலரைத் தூக்கிப் போட மாட்டார்கள். போல்ட் பன்னிரண்டரை கிராம். வாய் லாபம் என்று சொல்லும்போது கை சும்மா இருந்திருக்காது.

"அப்ப அக்கா எடுக்கல" என்றார்.

"யாருமே எடுக்கல. போல்ட் எல்லாம் பையிலதான் இருக்கு."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கடலையை என் கையிலிருந்து வாங்கிப் பொட்டலத்தில் போட்டு, மறுபடியும் மடித்தார். "நான் அதத் திருடின்னு நெனச்சிட்டனே" என்றார். பேருந்து வந்தது, போனது. அவர் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சாரிடம் சொன்னேன். அவருக்குக் கணக்கு உடனே புரிந்தது. ஆனாலும், "தராசுல காட்டினா நம்ப மாட்டானுங்க. நீ ஏதோ அமுக்கிட்டேன்னு சொல்லுவான். கையால எண்ணிடு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு சார் அவரை வெளியே ரோலர் வந்திருந்த லாரிக்கு அனுப்பிவிட்டார்.

கொட்டகையின் நடுவே தார்ப்பாயை விரித்துப் பையைக் கவிழ்த்தோம். அக்காவை உதவிக்குக் கூப்பிட்டது சார்தான். நூறு நூறாகக் குவியல் வைப்பது என்று முடிவு. அக்கா காலை மடித்து உட்கார்ந்து, வெறும் கையால் தார்ப்பாயைத் தொட்டு "லாபம்" என்றார். பிறகு ஒரு போல்ட்டை எடுத்து வைத்து "ஒண்ணு" என்றார்.

"லாபத்துக்கு ஒண்ணும் எடுக்க மாட்டீங்களாக்கா?"

"கை வெறுங்கையா இருக்கணும்மா. எடுத்தா அது திருட்டு இல்ல?" என்று சிரித்தார். "தம்பி இதெல்லாம் ஒழுங்காக் கத்துக்கல. பள்ளிக்கூடம் வுட்டு வந்து கொட்டாயில குந்திகினு எங்கள மாதிரி வாய் போடும். கை என்னா பண்ணுதுன்னு பாக்காது."

இருபத்திரண்டு குவியல். கடைசிக் குவியலில் சரியாக நூறு. ஒன்று கூடவோ குறையவோ இல்லை. சார் எழுந்து நின்று குவியல்களை விரலால் ஒருமுறை எண்ணினார். அவருக்கும் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலில்தான் வாய் தவறிவிட்டது.

"இவ்வளவும் இங்கயே இருக்கு. உன் தம்பி எதுக்கும்மா நாந்தான் குடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்தான்?"

அக்காவுக்குக் கடிதத்தைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. "என்னாத்த எழுதிக் குடுத்தான்?" என்றார். சார் சொன்னார். அக்கா போல்ட்டுகளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நடந்ததை ஒவ்வொன்றாக அவர் மனதுக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார். சோதனை நடந்த அன்று மாலை வாசல் கேட்டில் பைகளைப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்ததும், தம்பி அக்காவின் சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

லாரியை அனுப்பிவிட்டு அவர் உள்ளே வந்தார். குவியல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார். "அன்னிக்கு என் பைய நீ எதுக்குடா தூக்கிகினு போன?"

அவர் கையிலிருந்த லாரிச் சீட்டை மடித்தார்.

"கனமா இருக்கும்னு பாத்தியா? உள்ள போல்ட்டு இருக்கும்னு பாத்தியா?"

"அக்கா..."

"பஞ்ச எடுத்தேன். ஆமா. அம்மாவுக்கு அடியில போட்டுத் தொடைக்க எடுத்தேன். சார கேட்டுகினுதான் எடுத்தேன். சார் இதோ நிக்கறாரு, கேளு."

"ஆமாம்ப்பா. கழிவுப் பஞ்சுதானே, எடுத்துக்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார் சார்.

"ஒரு வார்த்த கேக்கத் தோணலியாடா ஒனக்கு? ஊர்ல எவனாவது கேட்டா, நானு அடிக்கப் போவேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. கேக்காமயே எழுதிக் குடுத்திருக்க. எனக்காவ. திருடிக்காவ."

அதோடு அக்கா எழுந்து குவியல்களை இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட ஆரம்பித்தார். நானும் சேர்ந்து அள்ளினேன். போல்ட்டுகள் தகரக் கூரையின் கீழே பெரிய சத்தம் போட்டன.

நான் மறுபடியும் தராசில் வைத்துக் காட்டினேன். பத்து எண்ணி வைத்தபோது 2203. நூறு எண்ணி வைத்தபோது 2200. பதினொன்றைப் பத்தென்று வைத்தபோது 1996. சார் மூன்றையும் எழுதி, கையால் எண்ணியதையும் எழுதி, ஒப்பந்தக்காரரின் ஆபீசுக்கு அனுப்பினார். அதிலும் தவறு ஏதும் இல்லை.

ஆபீசிலிருந்து போன் வந்தபோது நான் சாரின் மேஜைக்கு எதிரே நின்றிருந்தேன். சார் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கணக்கு சரிங்கறாங்க. தராசு மேலயும் தப்பில்ல, போல்ட்டும் இருக்கு. சந்தோஷமாம்."

"அப்ப கடிதத்தைத் திருப்பிக் குடுத்துருவாங்களா சார்?"

"அதத்தான் கேட்டேன். போல்ட்டு இருந்துச்சுன்னா, குடுத்துட்டேன்னு அவன் எழுதினது பொய்தானேங்கறாங்க. பொய் எழுதறவன ஸ்டோர்ல எப்படி வைக்கறதுங்கறாங்க. ஆபீஸ்ல இன்னொரு ஆளு, எடுத்தவனே எழுதிக் குடுத்துட்டு மறுநாளே கொண்டாந்து போட்டிருப்பான்னு சொல்றானாம்." சார் கண்ணாடியை மாட்டவில்லை. "குறைஞ்சிருந்தாகூட சீட்டு போட மறந்தவன்னு ஒரு வருஷத்துல மறந்திருப்பானுங்க."

நான் அப்போது சொன்ன பதில்களை இங்கே வரிசைப்படுத்தலாம். பதினொன்றில் ஒரு பங்கு என்பதை எடுத்துச் சொன்னேன். திருடியவர் திருப்பிப் போட்டால் அந்த விகிதம் எப்படி வந்தது என்று கேட்டேன். நேரில் வந்து செய்து காட்டுகிறேன் என்றேன். ஒவ்வொன்றும் சரியான பதில். சார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒப்பந்தம் புதுப்பித்தபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. பொறுப்பாளராகச் சிதம்பரத்திலிருந்து ஓர் ஆள் வந்தார்.

வேலை போவதற்கு முன்பே அவருக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. லாரிக்காரர்களும் ஃபிட்டர்களும் அவரைப் பார்த்தால் "லாபம் வராருப்பா, வழி வுடு" என்பார்கள். "லாபம், டீ எத்தன சொல்ல? பத்தா, பதினொண்ணா?" கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவர் முன்பெல்லாம் இப்படிப்பட்ட கிண்டலுக்கு இரண்டு மடங்கு திருப்பிக் கொடுப்பவர். இதற்குச் சிரித்துவிட்டுப் போனார். ரோலர் எண்ணும்போது வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார். நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து காதைக் கொடுத்து நிற்பேன். உதடு அசையும், சத்தம் வராது.

அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தினார். சண்டை இல்லை. அவர் இருக்கும் பக்கம் பெருக்க வர மாட்டார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இங்கே வந்து பெருக்குவார்.

நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தாளில் எண்களையும் போட்டுக் காட்டினேன். அப்பா முழுவதையும் கேட்டார். கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் இருந்தவருக்கு எடையும் கணக்கும் புரியும். "பையன் மேல தப்பில்ல" என்றார். "வரச் சொல்லு" என்றும் சொன்னார். நான் அழுதது அப்போதுதான். அம்மா, இவளுக்கு என்னாச்சு என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்தச் செய்தியை அவரிடம் சொல்ல அதே மரத்தடிக்குப் போனேன். வெயில் சாய்ந்திருந்தது. ஷிப்டு முடிந்து சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வட்டங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன.

"அப்பா வரச் சொல்றாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"என்னான்னு சொல்லிகினு வருவேன்? வேல இல்ல. சரி, வேற பாத்துக்கலாம். ஒங்க வூட்ல வந்து ஒக்காந்து, ஒங்க அப்பா மூஞ்சப் பாத்து நான் யாருன்னு சொல்லணும் இல்ல? பத்து எண்ணத் தெரியாதவன்னா? பொய்க் கடுதாசி எழுதினவன்னா? கூடப் பொறந்த மாதிரி வளத்தத திருடின்னு நெனச்சவன்னா?"

"அதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். தப்பில்லன்னுதான் சொன்னாரு."

"அவரு பெரிய மனுஷன், சொல்லுவாரு. தப்பு இருக்குது. எண்ணுனதுல இல்ல." பைக் சீட்டில் இருந்த தூசியைத் தட்டினார். "நீ எண்ணாம இருந்திருந்தா, அது எடுத்துச்சின்னு நெனச்சிகினே, அதுக்காவ ஒண்ணு பண்ணோம்னு இருந்திருப்பேன். அதுவும் ஒண்ணும் தெரியாம தம்பி தம்பின்னு பேசிகினு இருந்திருக்கும். நீ பண்ணது தப்புன்னு சொல்லல. சொல்லவே மாட்டேன். ஆனா ஒன்னப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தார்ப்பாய்தான் தெரியுது."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

நான் அழவில்லை. எனக்கு அழுகை வீட்டில்தான் வரும். இன்னும் ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிக்கலில் எங்கே தவறு நுழைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். தவறு நுழைந்த இடத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். தட்டில் கூடுதலாக ஒரு போல்ட். பத்துக்குப் பதில் நூறு எண்ணியிருந்தால் அந்த ஒன்று பையில் வெறும் இருபத்திரண்டு குறைவாகத்தான் காட்டியிருக்கும். ஏதோ எண்ணிக்கை வித்தியாசம் என்று அதிகாரி தள்ளிவிட்டுப் போயிருப்பார். பத்து எண்ணியதால் அது இருநூறானது.

அவர் பைக்கை எடுத்தார். "பரிட்ச ரிசல்ட் வந்தா சொல்லு" என்றார். எங்களுக்குள் கடைசியாகப் பேசப்பட்டது அதுதான். ரிசல்ட் வந்ததும் நான் செய்தி அனுப்பினேன், தேர்வாகிவிட்டேன் என்று. இரண்டு டிக் விழுந்தது. பதில் இல்லை.

அதற்குப் பிறகும் நான் அந்த ஸ்டோரில் சில மாதங்கள் இருந்தேன். எஸ்.எஸ். போல்ட்டுகள் நூறும் ஐம்பதுமாக, சீட்டுப் போட்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. பை சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக மீதியிருந்தவற்றை எடுக்க ஃபிட்டர் வந்தபோது அக்காதான் எடுத்துக் கொடுத்தார். தரையைத் தொட்டார், லாபம் என்று சொல்லவில்லை, ஒன்றிலிருந்து எண்ணினார்.

இப்போதைய நிலை இது. அவர் திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் கிடங்கில் வேலை செய்கிறார், கல்யாணமாகிவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கு அக்கா போகவில்லை, புடவை மட்டும் வாங்கி அனுப்பினார். பெரியம்மா இறந்தபோது இருவரும் ஒரே வீட்டில் மூன்று நாள் இருந்தார்கள், பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் வேறு ஊரில் பெர்மனென்ட் வேலையில் இருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்று நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். அந்தக் கடிதம் ஆபீசில் இருக்கிறது. போல்ட்டுகள் எல்லாம் பெல்ட்டில் இருக்கின்றன.